பதினொன்றரை அணா

1957 ஏப்ரல் 1 வரை இந்தியாவில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. நூறு காசு வந்த பிறகும் கால் ரூபாயை நாலணா என்றும் அரை ரூபாயை எட்டணா என்றும் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலம் நீடித்தது. பதினாறு என்ற எண்ணிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அதைப் பாதியாக வெட்டினால் எட்டு, மறுபடி வெட்டினால் நாலு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. எங்கும் பின்னம் விழாது. நூறை அப்படி வெட்டிப் பாருங்கள்: ஐம்பது, இருபத்தைந்து, அடுத்த வெட்டிலேயே பன்னிரண்டரை.

அணாவுக்கும் முந்திய பழந்தமிழ்க் கணக்கு இந்தப் பாதி வெட்டுகளுக்குத் தனித்தனிப் பெயரே வைத்திருந்தது. ஒன்றில் பாதி அரை. அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதிலும் பாதி, அதாவது பதினாறில் ஒன்று, வீசம். மாகாணி என்றாலும் அதுதான். வீசத்தில் பாதி அரைவீசம். எண்சுவடிக்காரர்கள் கீழ்வாய் இலக்கம் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்த இந்த வரிசையைத்தான், கணிப்பொறி தன் பைனரி எண்ணில் புள்ளிக்கு வலப்பக்கம் பயன்படுத்துகிறது. பெயர் மட்டும் சொல்வதில்லை.

பைனரியில் 0, 1 என இரண்டே இலக்கம். ஒவ்வொரு இலக்கத்தையும் பிட் என்கிறோம். புள்ளிக்கு இடப்பக்கம் ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று ஒவ்வோர் இடமும் இரட்டிக்கிறது. வலப்பக்கம் போனால் அதே வேகத்தில் பாதியாகிறது. புள்ளிக்கு அடுத்த முதல் இடம் அரை, இரண்டாவது கால், மூன்றாவது அரைக்கால், நாலாவது வீசம், ஐந்தாவது அரைவீசம். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

```
1101101.10111
```

இடப்பக்கத்தில் 64, 32, 8, 4, 1 என்ற இடங்களில் ஒன்று இருக்கிறது. கூட்டினால் 109. வலப்பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள்: அரை உண்டு, கால் இல்லை, அரைக்கால் உண்டு, வீசம் உண்டு, அரைவீசம் உண்டு. மளிகைக் கணக்கு எழுதிய ஒரு முதியவரிடம் இதைச் சொன்னால் எந்தக் கணிப்பொறிப் பாடமும் இல்லாமலே கூட்டிவிடுவார். எல்லாவற்றையும் வீசமாக மாற்றினால் அரை என்பது எட்டு வீசம், அரைக்கால் என்பது இரண்டு வீசம், அதோடு ஒரு வீசம், அரைவீசம். ஆகப் பதினொன்றரை வீசம். ரூபாயில் சொன்னால் பதினொன்றரை அணா.

ஹெக்ஸ் எனப்படும் பதினாறு அடி எண்முறைக்கு மாற்றுவது என்பது இப்போது நாம் செய்ததுதான். அந்த முறையில் புள்ளிக்கு அடுத்த இலக்கம் எத்தனை வீசம் என்று சொல்கிறது. புள்ளிக்கு அடுத்த நாலு பிட்களின் மதிப்பு வீசக் கணக்கில் எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. அதனால் அந்த நாலையும் ஒரு குழுவாகச் சேர்த்து, புள்ளி என்ற ஒன்றே இல்லாததுபோல ஒரு முழு எண்ணாகப் படித்தால் வீசத்தின் எண்ணிக்கை கிடைத்துவிடும். `1011` என்பது எட்டும் இரண்டும் ஒன்றும், பதினொன்று. பத்து முதல் பதினைந்து வரை ஒற்றை இலக்கமாக எழுத வேண்டியிருப்பதால் ஹெக்ஸில் A முதல் F வரை எழுத்துகளைக் கடன் வாங்குகிறோம். பத்துக்கு A என்றால் பதினொன்றுக்கு B.

அடுத்த நாலு பிட்களுக்கும் இதே கணக்கு, அளவு மட்டும் சிறிது. அங்கே அலகு வீசத்தில் வீசம், அதாவது 256-இல் ஒன்று. நம் எண்ணில் அந்தக் குழுவுக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிட்தான், அரைவீசம். மாணவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மிஞ்சிய `1`-ஐப் பார்த்ததும் கை தானாக 1 என்று எழுதிவிடும். விடை .B1 ஆகிவிடும். ஆனால் அந்த ஒன்று நிற்பது குழுவின் முதல் இடத்தில். முதல் இடத்தின் மதிப்பு எட்டு. காலியாகக் கிடக்கும் மற்ற மூன்று இடங்களும் அதற்கு வலப்பக்கம் இருக்கின்றன, ஆகவே பூஜ்யங்களை அங்கேதான் நிரப்ப வேண்டும்: `1000`, எட்டு. சரியான விடை .B8. இது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். 5.5 ரூபாய் என்று சீட்டில் எழுதியிருந்தால் அதை ஐந்து ரூபாய் ஐந்து காசு என்று யாரும் படிப்பதில்லை. ஐந்து ரூபாய் ஐம்பது காசு என்றே படிக்கிறோம். காசுக்கு இரண்டு இலக்கம் வேண்டும், இரண்டாவது இலக்கம் வலப்பக்கம் நிற்கும் பூஜ்யம் என்று மனம் அறிந்திருக்கிறது. பைனரியில் அந்த அறிவு நம்மைக் கைவிடக் காரணம், முழு எண்களைக் குழுவாக்கும்போது பூஜ்யத்தை எப்போதும் இடப்பக்கம் சேர்த்துப் பழகியதுதான்.

முழு எண் பகுதிக்கு அந்தப் பழக்கம் சரி. `1101101`-ஐப் புள்ளியிலிருந்து இடப்பக்கமாக நாலு நாலாக எண்ணினால் `1101` ஒரு குழு, மிச்சம் `110`. அதற்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து `0110`. ஆறும் பதின்மூன்றும், அதாவது 6D. இரண்டு பக்கத்தையும் சேர்த்து எழுதினால் இப்படி:

```
0110 1101 . 1011 1000
  6    D  .   B    8
```

புள்ளியிலிருந்து கிளம்பி இரு பக்கமும் விலகிப் போக வேண்டும் என்பதே விதி. குறைகிற பூஜ்யம் எப்போதும் புள்ளிக்குத் தூரமான முனையில் சேரும். எண்ணின் கடைசி பிட்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பின்னப் பகுதியைப் பின்னாலிருந்து வெட்டினால் `1 0111` என்று பிரியும். முதல் குழுவுக்கு முன்னால் மூன்று பூஜ்யம் போட்டு .17 என்று எழுதுவார்கள். அந்த மூன்று பூஜ்யங்களும் எல்லாப் பிட்களையும் மூன்று இடம் வலப்பக்கம் தள்ளிவிட்டன. ஒவ்வோர் இடத் தள்ளலுக்கும் மதிப்பு பாதியாகும். மூன்று தள்ளலுக்கு எட்டில் ஒரு பங்கு. பதினொன்றரை அணா இருந்த இடத்தில் ஒன்றரை அணாகூட மிஞ்சவில்லை.

ஆக்டல் எனப்படும் எட்டு அடி எண்முறைக்கு இதே நடைதான், நாலுக்குப் பதில் மூன்று பிட். அலகு இங்கே வீசம் அல்ல, அரைக்கால். அரை என்பது நாலு அரைக்கால், கால் என்பது இரண்டு, அரைக்கால் ஒன்று. `101` என்றால் ஐந்து அரைக்கால். அடுத்த குழுவில் மிஞ்சுவது `11`, வலப்பக்கம் ஒரு பூஜ்யம் சேர்த்து `110`, ஆறு. இடப்பக்கத்தில் `001 101 101`.

```
001 101 101 . 101 110
 1   5   5  .  5   6
```

ஆக்டலிலிருந்து ஹெக்ஸுக்குப் போக வேண்டியவர்கள் இலக்கத்துக்கு இலக்கம் மாற்றப் பார்க்க வேண்டாம், அப்படி ஒரு வழி கிடையாது. 155.56-ஐ மறுபடி பிட்களாக விரித்து, புள்ளியிலிருந்து நாலு நாலாக எண்ணினால் 6D.B8 தானாக வந்து நிற்கும்.

விடை சரிதானா என்று பார்க்கப் பதின்ம எண்ணுக்குத் திரும்ப வேண்டும். வகுப்பில் வழக்கமாகச் சொல்லித்தருவது ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் இடமதிப்பால் வகுத்துக் கூட்டும் முறை: பதினொன்றின் கீழ் பதினாறு, எட்டின் கீழ் இருநூற்று ஐம்பத்தாறு. அதில் தவறில்லை, ஆனால் இலக்கங்கள் கூடக் கூட வகுக்கும் எண் பெரிதாகிக்கொண்டே போகும். எனக்குப் பிடித்தது கடைசி இலக்கத்திலிருந்து உள்நோக்கி வரும் வழி. கடைசி இலக்கம் 8-ஐப் பதினாறால் வகுத்தால் 0.5. அதற்கு முந்திய இலக்கம் 11-ஐக் கூட்டினால் 11.5. மறுபடி பதினாறால் வகுத்தால் 0.71875. அவ்வளவுதான். எத்தனை இலக்கம் இருந்தாலும் பதினாறைத் தாண்டிய எண்ணால் வகுக்க வேண்டியதே இல்லை. நடுவில் வந்த அந்த 11.5 நாம் முதலில் வாய்க்கணக்காகச் சொன்ன பதினொன்றரை வீசமேதான். ஆக்டலில் செய்தாலும் அதே இடத்துக்கு வர வேண்டும்: 6-ஐ எட்டால் வகுத்து 0.75, ஐந்தைக் கூட்டி 5.75, எட்டால் வகுத்து 0.71875. முழு எண் பகுதி 109. ஆக விடை 109.71875.

இந்த 0.71875-இல் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கங்கள் இருப்பதையும், கடைசி இலக்கம் 5 என்பதையும் கவனியுங்கள். நம் பைனரி எண்ணிலும் புள்ளிக்குப் பின் ஐந்து பிட்கள். இது தற்செயல் அல்ல. 0.5, 0.25, 0.125, 0.0625, 0.03125 என்று ஒவ்வொரு பாதி வெட்டும் பதின்ம எண்ணில் ஓர் இலக்கத்தை நீட்டுகிறது, ஒவ்வொன்றும் ஐந்தில் முடிகிறது. ஆகவே கடைசி பிட் ஒன்றாக இருக்கும்வரை, புள்ளிக்குப் பின் எத்தனை பிட்டோ அத்தனை பதின்ம இலக்கம், முடிவில் ஐந்து. பல ஆண்டுகளாக டிப்ளமா மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தியதில் இந்தச் சிறு சோதனையைப் போல எனக்கு உதவியது வேறில்லை. .B1 என்று எழுதியவருக்கு விடை 0.69140625 என்று வரும். எட்டு இலக்கம். ஐந்து பிட்டிலிருந்து எட்டு இலக்கம் வர வழியே இல்லை. ஆக்டலில் பூஜ்யம் சேர்க்க மறந்து .53 என்று எழுதினால் 0.671875, ஆறு இலக்கம். தொகையைச் சரிபார்க்கும் முன்பே நீளம் தவறைச் சொல்லிவிடுகிறது.

அதைவிடவும் விரைவான சோதனை ஒன்றுண்டு, அதற்குப் பென்சில்கூட வேண்டாம். புள்ளிக்கு அடுத்த முதல் பிட் ஒன்று என்றால் பின்னம் அரைக்குக் குறையாது. அப்படியானால் ஹெக்ஸில் முதல் இலக்கம் எட்டுக்குக் குறையக் கூடாது, ஆக்டலில் நாலுக்குக் குறையக் கூடாது. பின்னாலிருந்து வெட்டி .17 என்று எழுதியவரின் விடை இந்தப் பார்வையிலேயே பிடிபட்டுவிடும்.

இதே எண்ணைக் கணிப்பொறியிடம் கேட்டால் முதல் பார்வைக்குக் குழப்பம் தருகிற ஒரு விடை வரும். பைத்தான் மொழியில் தசமப் புள்ளி எண்ணை ஹெக்ஸாகக் காட்டச் சொல்லலாம்.

```
>>> (109.71875).hex()
'0x1.b6e0000000000p+6'
```

6D.B8 எங்கே, 1.B6E எங்கே என்று தோன்றும். இரண்டும் ஒன்றே. கணிப்பொறி எண்ணைச் சேமிக்கும்போது புள்ளிக்கு இடப்பக்கம் ஒரே ஒரு `1` மட்டும் நிற்கும்படி புள்ளியை நகர்த்திக்கொள்கிறது. நம் எண்ணில் புள்ளி ஆறு இடம் இடப்பக்கம் போக வேண்டும்: `1.10110110111`. கடைசியிலுள்ள `p+6` என்பது அந்த ஆறைக் குறித்து வைக்கிறது. இப்போது புள்ளியிலிருந்து நாலு நாலாக எண்ணுங்கள்: `1011`, `0110`, `111` கூட வலப்பக்கம் ஒரு பூஜ்யம் சேர்ந்து `1110`. அதாவது B, 6, E. நாலின் மடங்காகப் புள்ளி நகர்ந்திருந்தால் இலக்கங்கள் மாறியிருக்காது, புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும். ஆறு இடம் நகர்ந்ததால் குழுக்களே கலைந்து புதிதாகச் சேர்ந்தன. குழு என்பது பிட்களுக்குச் சொந்தமல்ல, புள்ளியின் நிலையைப் பொறுத்தது.

இதுவரை பார்த்த பயணத்தில் எதுவும் சிந்தவில்லை. பைனரி, ஆக்டல், ஹெக்ஸ் மூன்றும் பாதி வெட்டில் பிறந்த குடும்பம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்போதும் முழுதாக மாறும். அங்கிருந்து பதின்ம எண்ணுக்கு வருவதும் முழுதாக முடியும். எதிர்த்திசையில்தான் சிக்கல். பதின்மப் பின்னத்தை ஹெக்ஸாக்க, பதினாறால் பெருக்கி முழு எண்ணைத் தனியே எடுத்துக்கொண்டு மிச்சத்தை மறுபடி பெருக்க வேண்டும். 0.71875-ஐப் பெருக்கினால் 11.5, பதினொன்றை எடுத்து B. மிச்சம் 0.5-ஐப் பெருக்கினால் 8. மிச்சம் பூஜ்யம், முடிந்தது. 0.1-ஐப் போட்டுப் பாருங்கள். 1.6 வரும், ஒன்றை எடுக்கலாம். மிச்சம் 0.6, பெருக்கினால் 9.6, ஒன்பதை எடுக்கலாம். மிச்சம் மறுபடி 0.6. இனி முடிவே கிடையாது: 0.1999999... என்று ஒன்பதுகள் போய்க்கொண்டே இருக்கும். பிட்டாக விரித்தால் `1001` திரும்பத் திரும்ப வரும்.

பழந்தமிழ்க் கணக்கு இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது போலும். பத்தில் ஒன்றுக்கு அதில் பெயர் உண்டு, ஆனால் அது அரை, கால், வீசம் வரிசையில் இல்லை. இருபதில் ஒன்றை மா என்றார்கள், பத்தில் ஒன்று இருமா, ஐந்தில் ஒன்று நாலுமா. ஐந்தை உள்ளே வைத்த அளவுகளுக்கு வேறொரு கிளை. அரையையும் காலையும் வீசத்தையும் எத்தனை சேர்த்தாலும் இருமா சரியாக வராது. கணிப்பொறியிடம் முதல் கிளை மட்டும்தான் இருக்கிறது.

அதனால் எங்காவது வெட்டியாக வேண்டும். எங்கே, எப்படி வெட்டினார்கள் என்பதைக் குழுவாக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். 1991 வளைகுடாப் போரில் சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நிறுத்தியிருந்த பேட்ரியாட் ஏவுகணை அமைப்பின் கடிகாரம், நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணி வைத்தது. அதை விநாடியாக்க 0.1-ஆல் பெருக்க வேண்டும். 24 பிட் இடத்தில் வைத்திருந்த அந்த 0.1-க்குப் புள்ளிக்குப் பின் 23 பிட்களே கிடைத்தன.

```
0001 1001 1001 1001 1001 100
```

கடைசிக் குழுவில் மூன்றே பிட். நாம் பார்த்த விதிப்படி வலப்பக்கம் ஒரு பூஜ்யம் சேர்த்தால் `1000`. ஆக ஹெக்ஸில் அந்த எண் 0.199998. ஒன்பது இருக்க வேண்டிய கடைசி இடத்தில் எட்டு. அதற்குப் பின் வர வேண்டிய ஒன்பதுகளும் போயின. விட்டுப்போனதன் அளவு 16-இன் ஆறாம் அடுக்கில் 1.6 பங்கு, பதின்மத்தில் ஏறத்தாழ 0.000000095. கண்ணுக்குத் தெரியாத துளி.

அந்த அமைப்பு ஏறத்தாழ நூறு மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரத்தில் பத்தில் ஒரு விநாடிகள் 36 லட்சம். துளியை 36 லட்சத்தால் பெருக்கினால் 0.34 விநாடி. விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஸ்கட் ஏவுகணை அதற்குள் அரைக் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பிப்ரவரி 25 அன்று வந்த ஸ்கட்டை அமைப்பு தவறான இடத்தில் தேடியது, எதிர்த்து ஏவவில்லை. படைவீரர்கள் தங்கியிருந்த முகாமில் அது விழுந்து 28 பேர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் அங்கே வந்து சேர்ந்தது மறுநாள்.

வெட்டாமல் முழுமையாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. வெட்டுப்பட்ட இடத்துக்கு அடுத்து நின்ற பிட் ஒன்று. ஆகவே கடைசி பிட்டை ஒன்று கூட்ட வேண்டும். `100` என்பது `101` ஆகும், பூஜ்யம் சேர்ந்து `1010`, அதாவது A. எண் 0.19999A. உண்மை மதிப்பைவிட 0.4 பங்கு மட்டும் கூடுதல், பிழை கால்வாசியாகக் குறைகிறது. நூறு மணி நேரத்துக்கு 0.34 விநாடிக்குப் பதில் 0.09-க்கும் குறைவு. இன்றைய கணிப்பொறிகள் இப்படித்தான் முழுமையாக்குகின்றன. பைத்தானில் `(0.1).hex()` என்று கேட்டால் ஒன்பதுகளின் நீண்ட வரிசைக்குப் பின் கடைசி இலக்கம் ஓர் `a`:

```
'0x1.999999999999ap-4'
```